கண் படிக்கும் வரிசை, கணினி படிக்கும் வரிசை

பெரிய நிறுவனம் ஒன்றின் வேலைவாய்ப்புத் தளத்தில் ரெஸ்யூமேயைப் பதிவேற்றியதும், அடுத்த திரையில் நீளமான படிவம் ஒன்று பாதி நிரம்பிய நிலையில் வந்து நிற்கும். பெயர், கைபேசி எண், படிப்பு, முந்தைய வேலை என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஏதோ ஒன்று தானாக எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சில நேரம் நிறுவனத்தின் பெயர் வர வேண்டிய இடத்தில் ‘ஜாவா’ என்றிருக்கும். பட்டம் பெற்ற ஆண்டு வேலையில் சேர்ந்த ஆண்டாக மாறியிருக்கும். விண்ணப்பிப்பவர் அலுத்துக்கொண்டே திருத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

அந்தப் பிழைகளை அப்படிக் கடந்துபோகக் கூடாது. அந்த ரெஸ்யூமே மென்பொருளின் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்பதை விண்ணப்பதாரரே நேரில் பார்க்கக் கிடைக்கும் அரிய வாய்ப்பு அதுதான். எல்லாத் தளங்களும் இப்படிக் காட்டுவதில்லை. பல இடங்களில் பிழை உள்ளேயே தங்கிவிடுகிறது. நல்ல அனுபவம் உள்ள ஒருவரை எச்.ஆர். தேடும்போது அவர் பெயர் பட்டியலில் வராமல் போகிறது. தன் ரெஸ்யூமேயில் என்ன குறை என்று அவருக்குக் கடைசி வரை தெரியாது. குறை பெரும்பாலும் எழுதியதில் இருப்பதில்லை, அடுக்கியதில் இருக்கிறது.

யார் படிக்கிறார்கள்?

விண்ணப்பங்களைப் பெற்று, சேமித்து, தேடி, அடுத்த கட்டத்துக்கு நகர்த்தும் மென்பொருளை ‘அப்ளிகன்ட் டிராக்கிங் சிஸ்டம்’ என்கிறார்கள், சுருக்கமாக ஏ.டி.எஸ். வொர்க்டே, ஆரக்கிளின் டேலியோ, சாப் நிறுவனத்தின் சக்சஸ்ஃபாக்டர்ஸ், கிரீன்ஹவுஸ் ஆகியவை உலகம் முழுக்கப் புழங்குபவை. சென்னையின் ஜோஹோவும் ‘ஜோஹோ ரெக்ரூட்’ என்ற பெயரில் ஒன்றை விற்கிறது.

ஏ.டி.எஸ். என்பது அடிப்படையில் ஒரு தகவல் கிடங்கு. ரெஸ்யூமேயைப் பிரித்துப் படிக்கும் வேலையைச் செய்வது அதற்குள் இருக்கும் ‘பார்சர்’ என்ற பகுதி. இந்தப் பார்சரைப் பல ஏ.டி.எஸ். நிறுவனங்கள் சொந்தமாக எழுதுவதில்லை. அதற்கென்றே இருக்கும் நிறுவனங்களிடம் வாங்கிப் பொருத்திக்கொள்கின்றன. நெதர்லாந்தின் டெக்ஸ்ட்கெர்னல் அப்படி ஒன்று. அமெரிக்காவின் சோவ்ரன் இன்னொன்று. அதை 2022இல் டெக்ஸ்ட்கெர்னலே வாங்கிவிட்டது.

பார்சரின் வேலையை மூன்று படிகளாகப் பார்க்கலாம். முதலில் கோப்பிலிருந்து எழுத்துகளை மட்டும் உருவி, மேலிருந்து கீழாக ஓடும் ஒரே உரையாக்குகிறது. அடுத்து, அந்த உரையில் EXPERIENCE, EDUCATION, SKILLS போன்ற தலைப்புகளைத் தேடி, அதை வைத்துப் பகுதி பகுதியாக வெட்டுகிறது. கடைசியாக ஒவ்வொரு பகுதிக்குள்ளும் போய்ப் பதவி, நிறுவனம், தேதி, பட்டம் ஆகியவற்றைப் பொறுக்கி, கிடங்கில் உரிய கட்டங்களில் போடுகிறது.

இந்த மூன்றில் அதிகம் பேசப்படுவது மூன்றாவது படி. ரெஸ்யூமேயில் எந்தெந்தச் சொற்கள் இருக்க வேண்டும் என்ற ஆலோசனைகள் எல்லாம் அதைப் பற்றியவை. ஆனால் அட்டவணையும் நெடுவரிசையும் படமும் குலைப்பது முதல் படியை. முதல் படியில் உரை கலைந்துவிட்டால், பின்னால் வரும் இரண்டு படிகளும் கலைந்த உரையைத்தான் அக்கறையோடு அலசிக்கொண்டிருக்கும்.

பி.டி.எஃப்.க்குள் வாக்கியம் இல்லை

இது ஏன் நடக்கிறது என்பதற்கான விடை பி.டி.எஃப். கோப்பின் உள்ளமைப்பில் இருக்கிறது. அடோபி நிறுவனம் 1993இல் இதை வெளியிட்டபோது நோக்கம் ஒன்றே ஒன்றுதான்: எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் அடித்தாலும் பக்கம் அப்படியே இருக்க வேண்டும். அதனால் பி.டி.எஃப். பத்தியையோ அட்டவணையையோ பற்றிக் கவலைப்படுவதில்லை. பக்கத்தின் எந்தப் புள்ளியில் எந்த எழுத்தை வரைய வேண்டும் என்ற கட்டளைகளின் தொகுப்பு அது. சுருக்கத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இப்படி இருக்கும்:

```
BT /F1 11 Tf 40 700 Td (SKILLS) Tj ET
BT /F1 11 Tf 220 700 Td (EXPERIENCE) Tj ET
```

இடது ஓரத்திலிருந்து 40 புள்ளி தள்ளி, கீழிருந்து 700 புள்ளி உயரத்தில் ஒரு சொல்லை வரை; அதே உயரத்தில் 220 புள்ளி தள்ளி இன்னொரு சொல்லை வரை. அவ்வளவுதான். A4 தாளின் அகலம் 595 புள்ளி, உயரம் 842 புள்ளி. இந்த இரண்டு சொற்களும் ஒரே வரியைச் சேர்ந்தவையா, அடுத்தடுத்த இரண்டு நெடுவரிசைகளின் தலைப்புகளா என்று கோப்பு சொல்வதில்லை. மனிதக் கண் நடுவில் உள்ள வெள்ளை இடைவெளியைப் பார்த்ததும் புரிந்துகொள்கிறது. மென்பொருள் எண்களை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கிறது.

சொல்லுக்குச் சொல் இருக்கும் இடைவெளிகூடச் சில கோப்புகளில் தனி எழுத்தாகப் பதிவாகியிருக்காது. இரண்டு எழுத்துகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து, ‘இது சொல் முடிந்த இடமாக இருக்கும்’ என்று மென்பொருள் முடிவு செய்கிறது. அழகுக்காக எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைத்து EXPERIENCE என்று தலைப்பு போட்டால், அது `E X P E R I E N C E` என்று பத்துத் தனி எழுத்துகளாக வெளியே வருவது இதனால்தான். பார்சர் தேடும் தலைப்பு அங்கே இல்லாமல் போய்விடுகிறது.

படிக்கும் வரிசையைக் கோப்பிலேயே குறித்துவைக்கும் வசதி பி.டி.எஃப்.க்குப் பின்னால் சேர்க்கப்பட்டது, ‘டேக்டு பி.டி.எஃப்.’ என்பார்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் ரெஸ்யூமே உருவாக்கும் எல்லாக் கருவிகளும் அந்தக் குறிப்புகளை எழுதுவதில்லை. எழுதினாலும் உரையை உருவும் எல்லா மென்பொருள்களும் அவற்றைப் பார்ப்பதில்லை.

ஒரு ரெஸ்யூமே, இரண்டு வாசிப்பு

ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டு கடைசி வரை பார்க்கலாம். 2019இல் படிப்பை முடித்த மென்பொருள் பொறியாளர் ஒருவரின் ரெஸ்யூமே. இணையத்தில் கிடைத்த ஒரு வடிவமைப்பில் செய்திருக்கிறார். இடப்பக்கம் குறுகிய நெடுவரிசையில் திறன்களும் படிப்பும். வலப்பக்கம் அகலமான நெடுவரிசையில் அனுபவம். தாளில் பார்க்க இப்படி இருக்கிறது:

```
SKILLS            EXPERIENCE
Java              Software Engineer
Spring Boot       Company A, Chennai
MySQL             Jun 2021 - Mar 2024
EDUCATION         Built payroll module
B.E. CSE, 2019    for 40 hospitals
```

உரையை உருவும் மென்பொருள் ஒரே உயரத்தில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரு வரியாக எடுத்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். செய்தித்தாளை நெடுவரிசை பார்க்காமல் இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை குறுக்காகப் படித்தால் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு உரை கிடைக்கும்:

```
SKILLS EXPERIENCE
Java Software Engineer
Spring Boot Company A, Chennai
MySQL Jun 2021 - Mar 2024
EDUCATION Built payroll module
B.E. CSE, 2019 for 40 hospitals
```

இப்போது இரண்டாவது படி தொடங்குகிறது. பார்சர் தலைப்புகளைத் தேடுகிறது. முதல் வரியில் SKILLS, EXPERIENCE இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. இதை SKILLS என்று எடுத்துக்கொண்டால், கீழே உள்ள வேலை விவரம் முழுவதும் திறன் பட்டியலாகிவிடும். அனுபவம் என்ற பகுதியே இல்லை என்று முடிவாகும். EXPERIENCE என்று எடுத்துக்கொண்டால் பாதி தப்பிக்கும். ஆனால் பதவி ‘ஜாவா சாஃப்ட்வேர் இன்ஜினியர்’ ஆகிவிடும்; ‘ஸ்பிரிங் பூட்’ நிறுவனப் பெயரின் முன்பாதியாக ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது தலைப்பான EDUCATIONக்குக் கீழே, நாற்பது மருத்துவமனைகளுக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் எழுதிய செய்தி போய் உட்கார்ந்திருக்கிறது. படிப்புப் பகுதியில் பட்டத்தையும் ஆண்டையும் தேடும் பார்சருக்கு அந்த வாக்கியத்தால் பயனில்லை. அந்தப் பொறியாளரின் மூன்றாண்டு உழைப்பைச் சொல்லும் ஒரே வரி அங்கே தொலைந்துபோகிறது.

இதே கோப்பை இன்னொரு மென்பொருள் சரியாகப் படிக்கக்கூடும் என்பதுதான் விண்ணப்பதாரர்களைக் குழப்புகிறது. காரணம், உரையை உருவ இரண்டு வழிகள் இருக்கின்றன. கோப்புக்குள் கட்டளைகள் எழுதப்பட்ட வரிசையிலேயே எடுத்துக்கொண்டு போவது ஒன்று. பக்கத்தில் உள்ள இடத்தை வைத்து மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக அடுக்கி எடுப்பது மற்றொன்று. பலரும் பயன்படுத்தும் பி.டி.எஃப்.பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் தொகுப்பில் இது `setSortByPosition` என்ற ஒரே ஒரு தேர்வு. அதைத் தொடாமல் விட்டால் கோப்பின் வரிசை. இயக்கினால் இடத்தின் வரிசை. நம் மாதிரி ரெஸ்யூமேயை உருவாக்கிய கருவி இடது நெடுவரிசை முழுவதையும் முதலில் எழுதிவிட்டு வலதுக்குப் போயிருந்தால், முதல் வழியில் உரை பழுதில்லாமல் வரும்; இரண்டாவது வழியில் மேலே கண்ட கலவை வரும்.

கோப்பின் வரிசையையும் முழுமையாக நம்ப முடியாது. படம் வரையும் பாணியில் பக்கத்தை அமைக்கும் கருவிகளில், எது எந்த அடுக்கில் கிடக்கிறதோ அந்த வரிசையில் எழுதப்படலாம். நிறுவனப் பெயரைக் கடைசியாகத் தனிப் பெட்டியில் சேர்த்திருந்தால், அது எல்லாவற்றுக்கும் பின்னால், வேலை விவரத்தோடு தொடர்பில்லாமல் வந்து விழும்.

புதிய தலைமுறைப் பார்சர்கள் இதை ஓரளவு சமாளிக்கின்றன. பக்கத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் வெள்ளைப் பட்டையைக் கண்டுபிடித்து, அதை நெடுவரிசைகளின் எல்லை என்று புரிந்துகொள்கின்றன. ஆனால் அந்தப் பட்டை குறுகலாக இருந்தாலோ, பெயரும் முகவரியும் இரண்டு நெடுவரிசைகளையும் தாண்டிக் குறுக்கே நின்றாலோ, ஊகம் தடுமாறும். விண்ணப்பிக்கும் நிறுவனத்தில் எந்தத் தலைமுறைப் பார்சர் ஓடுகிறது என்பதை வெளியே இருப்பவர் அறிய வழியில்லை.

படிப்பு அட்டவணை

தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர்களின் ரெஸ்யூமேக்களில் தவறாமல் காணப்படுவது படிப்பு அட்டவணை. பாடம், கல்வி நிறுவனம், ஆண்டு, மதிப்பெண் என்று தலைப்பிட்டு, பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரை கோடு போட்டு நிரப்பியிருப்பார்கள். நேர்முகத் தேர்வு நடத்துபவருக்கு ஒரே பார்வையில் எல்லாம் தெரியும். பார்சருக்குச் சிக்கல் தொடங்குவது ஒரு கட்டத்தில் உள்ள பெயர் நீளமாகி இரண்டாவது வரிக்கு மடங்கும்போது.

```
Course   Institution          Year   Marks
B.E.     Govt. Engineering    2019   8.1
CSE      College, Salem              CGPA
HSC      Govt. Hr. Sec.       2015   92%
         School, Erode
```

கோடுகளை எடுத்துவிட்டு வரி வரியாகப் படித்தால் இரண்டாம் வரி ‘பி.இ. அரசு பொறியியல் 2019 8.1’ என்று வரும். மூன்றாம் வரி ‘சி.எஸ்.இ. கல்லூரி, சேலம் சி.ஜி.பி.ஏ.’ என்று வரும். ஒரே பட்டம் இரண்டு துண்டாகிவிட்டது. ஆண்டு ஒரு துண்டோடு போக, கல்லூரி என்ற சொல் இன்னொன்றில் மாட்டிக்கொள்கிறது. பட்டத்தின் பெயரை அறிந்த பார்சர் `B.E.` என்பதைப் பிடித்துக்கொள்ளும். எந்தத் துறை, எந்தக் கல்லூரி என்பதற்கு அதன் கட்டங்கள் காலியாகவோ தவறாகவோ இருக்கும்.

இன்னொரு இழப்பும் உண்டு. அட்டவணையில் 2015 என்ற எண்ணுக்குப் பொருள் தருவது அதற்கு நேர்மேலே இருக்கும் Year என்ற தலைப்பு. உரை தட்டையாகும்போது அந்த மேல்-கீழ் உறவு அறுந்துவிடுகிறது. நான்கு தலைப்புகளும் ஒரே வரியாக முன்னால் போய்விட, எண்கள் தனியாக நிற்கின்றன. வேலை அனுபவத்தையும் இதே பாணியில் நிறுவனம், பதவி, காலம் என்று அட்டவணையில் போடுபவர்களுக்கு இழப்பு இன்னும் பெரிது. அங்கே ஒரு தேதி பக்கத்து வேலையோடு ஒட்டிக்கொண்டால் அனுபவக் கணக்கே மாறும்.

வேர்ட் கோப்பாக அனுப்பினால்?

பி.டி.எஃப். சிக்கல் என்றால் வேர்ட் கோப்பாகவே அனுப்பிவிடலாமே என்று தோன்றும். பாதி உண்மை. `.docx` என்பது உண்மையில் பல சிறு கோப்புகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு ஜிப் பொட்டலம். பெயரின் கடைசியை `.zip` என்று மாற்றித் திறந்தால் உள்ளே `word` என்ற அடைவில் `document.xml` இருக்கும். முதன்மை உரை அதில்தான். பத்தி எது, அட்டவணை எது, கட்டம் எது என்று அதில் தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்கும். அட்டவணை வரிசைக்கு வரிசை, கட்டத்துக்குக் கட்டமாக எழுதப்பட்டிருப்பதால், மடங்கிய பெயர் துண்டாவதில்லை. மேலே கண்ட சேலம் கல்லூரி இங்கே ஒரே கட்டத்தில் முழுதாக இருக்கும்.

ஆனால் பக்கத்தின் தலைப்பகுதியில் எழுதியது `document.xml` கோப்பிலேயே இருக்காது. அது `header1.xml` போன்ற தனிக் கோப்பில் போய்விடும். பெயர், மின்னஞ்சல், கைபேசி எண் மூன்றையும் ‘ஹெட்டர்’ பகுதியில் அழகாக வைத்தவர்களின் ரெஸ்யூமேயை, முதன்மைக் கோப்பை மட்டும் படிக்கும் பார்சர் திறந்தால், அனுபவமெல்லாம் இருக்கும். யாரை அழைப்பது என்ற தகவல் இருக்காது. டெக்ஸ்ட் பாக்ஸுக்குள் எழுதியதும் இதே ஆபத்தில் இருக்கிறது. அது முதன்மைக் கோப்புக்குள்ளேயே இருந்தாலும், படத்தோடு சேர்ந்த தனி உறைக்குள் கிடக்கிறது. பைத்தான் மொழியில் வேர்ட் கோப்பைப் படிக்கப் பலரும் எடுக்கும் `python-docx` என்ற தொகுப்பில் `document.paragraphs` என்று கேட்டால் அட்டவணைக்குள் இருக்கும் எழுத்துகள் வராது. டெக்ஸ்ட் பாக்ஸில் இருப்பதும் வராது. நிரலாளர் அவற்றைத் தனியாகக் கேட்டு எழுதியிருந்தால் மட்டுமே கிடைக்கும்.

படமாகிப் போன திறமை

இப்போதைய வடிவமைப்புகளில் ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. ‘ஜாவா’ என்று எழுதி, பக்கத்தில் ஐந்து வட்டங்கள் போட்டு நான்கை நிரப்புவார்கள். அல்லது எண்பது சதவீதம் நிறைந்த ஒரு பட்டை வரைவார்கள். பார்சருக்குக் கிடைப்பது ‘ஜாவா’ என்ற சொல் மட்டும். வட்டங்கள் எழுத்துகள் அல்ல, கோடுகளும் வளைவுகளும். உரையை உருவும்போது அவை விலகிவிடும். ஜாவாவில் நான்காண்டுகள் வேலை செய்தவரும் நான்கு நாள் பயிற்சி எடுத்தவரும் அந்த உரையில் ஒன்றாகத் தெரிவார்கள். ‘ஜாவா, 4 ஆண்டுகள்’ என்று எழுதியிருந்தால் தகவல் தப்பித்திருக்கும்.

தொலைபேசிச் சின்னம், உறை போன்ற மின்னஞ்சல் சின்னம் ஆகியவை பெரும்பாலும் சின்ன எழுத்துருக்களிலிருந்து வருபவை. உருவிய உரையில் அவை பொருளில்லாத ஒரு குறியாகவோ வெற்றுக் கட்டமாகவோ நிற்கும். மின்னஞ்சல் முகவரியை அதன் நடுவில் உள்ள @ குறியை வைத்தே பார்சர் கண்டுபிடித்துவிடும் என்பதால் அதற்குப் பாதிப்பு குறைவு. Phone, Email என்ற சொற்களைச் சேர்த்து எழுதினால் அந்தச் சிறு ஆபத்தும் இல்லை.

முற்றிலும் காணாமல் போவது வேறொரு வகை. சில வடிவமைப்புக் கருவிகள் எழுத்துகளை வெறும் வடிவங்களாக மாற்றியோ, பக்கம் முழுவதையும் ஒரே படமாக்கியோ பி.டி.எஃப். செய்கின்றன. அச்சடித்த ரெஸ்யூமேயை ஸ்கேன் செய்து அனுப்பினாலும் இதே நிலைதான். கோப்பில் ஒரு எழுத்துகூட இல்லை. படத்திலிருந்து எழுத்தை அடையாளம் காணும் ஓ.சி.ஆர். வசதி அந்த ஏ.டி.எஸ்.இல் இயக்கப்பட்டிருந்தால்தான் ஏதாவது தேறும்.

எழுத்து இருந்தும் தவறாக வருவதும் உண்டு. ஒரு பி.டி.எஃப்.இல் எந்த வடிவம் எந்த எழுத்தைக் குறிக்கிறது என்று சொல்லும் ஓர் இணைப்புப் பட்டியல் இருக்க வேண்டும்; `ToUnicode` என்பது அதன் பெயர். அது இல்லாமலோ பிழையாகவோ இருந்தால், திரையில் சரியாகத் தெரியும் சொல் நகலெடுக்கும்போது வேறாகிவிடும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய தமிழ்க் கடிதத்தை நகலெடுத்து ஒட்டியதும் ஆங்கில எழுத்துக் குப்பையாக மாறுவதைப் பார்த்தவர்களுக்கு, தெரியும் வடிவமும் உள்ளே இருக்கும் குறியீடும் வேறுவேறு என்பது புதிதல்ல. ஆங்கில ரெஸ்யூமேயில் இது நடப்பது கூட்டெழுத்துகளில். f, i இரண்டும் ஒட்டி ஒரே வடிவமாகும். கலிப்ரி போன்ற எழுத்துருக்களில் t, i கூட ஒட்டும். இணைப்புப் பட்டியல் பிழையானால் `Certification` என்பது `Cer fica on` ஆகிவிடும். சான்றிதழ் பெற்றவர்களைத் தேடும் எச்.ஆர். கண்ணில் அது படாது.

பிழை எங்கே போய் வலிக்கிறது

இணையத்தில் ஒரு எண் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது: ரெஸ்யூமேக்களில் 75 சதவீதத்தை மனிதர் பார்க்கும் முன்பே ஏ.டி.எஸ். நிராகரித்துவிடுகிறதாம். இதற்கு நம்பத்தகுந்த ஆய்வு எதையும் யாரும் காட்டவில்லை. அட்டவணை இருப்பதற்காக ஒரு ரெஸ்யூமேயை எந்த மென்பொருளும் தூக்கி எறிவதில்லை. நேரடி நிராகரிப்பு பெரும்பாலும் நடப்பது விண்ணப்பப் படிவத்தின் கேள்விகளில்தான்: பணி அனுமதி இருக்கிறதா, குறைந்தபட்ச அனுபவம் இருக்கிறதா என்பது போன்றவை.

பிழை வலிப்பது தேடலில். நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களுக்கு முன் உட்கார்ந்திருக்கும் எச்.ஆர். ஊழியர், ‘சாஃப்ட்வேர் இன்ஜினியர், குறைந்தது 2 ஆண்டு அனுபவம்’ என்று வடிகட்டுகிறார். அந்த அனுபவம் என்ற எண் ரெஸ்யூமேயில் எழுதியதல்ல. தேதிகளைக் கூட்டிக் கழித்துப் பார்சர் கணக்கிட்டது. நம் மாதிரிப் பொறியாளர் 2021 ஜூன் முதல் 2024 மார்ச் வரை வேலை பார்த்தவர், ஏறக்குறைய மூன்றாண்டு. அனுபவப் பகுதியே உருவாகாத கலவை உரையில் அவருடைய அனுபவம் பூஜ்யம். யாரும் அவரை நிராகரிக்கவில்லை. தேடலில் அவர் வரவேயில்லை.

தேதிப் பிழைக்கு இன்னொரு விலையும் உண்டு. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலும் அக்சென்ச்சரும் 2021இல் ‘ஹிடன் வொர்க்கர்ஸ்’ என்ற ஆய்வை வெளியிட்டன. ஆறு மாதத்துக்கு மேல் வேலை இடைவெளி உள்ளவர்களை வடிகட்டிவிடும் நிறுவனங்கள் ஏறத்தாழப் பாதி என்று அது கண்டது. வேலையில் இடைவெளி விட்டவர்களுக்கே அது அநியாயம். இடைவெளியே இல்லாமல் உழைத்து, அட்டவணையில் ஒரு தேதி பிரிந்து போனதால் இடைவெளி உள்ளவராகக் காட்டப்படுபவரை என்னவென்பது?

ஐந்து நிமிடச் சோதனை

இதைக் கண்டுபிடிக்கக் காசு கொடுத்து எந்தச் சேவையையும் வாங்க வேண்டாம். பி.டி.எஃப்.ஐத் திறந்து Ctrl+A, Ctrl+C அடித்து, நோட்பேடில் ஒட்டிப் பார்க்க வேண்டும். எதுவுமே ஒட்டவில்லை என்றால் கோப்பு வெறும் படம். ஒட்டினால், ஒட்டிய உரையை முதல் வரியிலிருந்து மெதுவாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் பதவி, நிறுவனம், தேதி மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றனவா? தலைப்புகள் தனி வரியில் இருக்கின்றனவா? சொற்களின் நடுவே எழுத்து காணாமல் போயிருக்கிறதா?

இன்னும் துல்லியமாகப் பார்க்க விரும்புபவர்களுக்கு `pdftotext` என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதை மூன்று விதமாக இயக்கலாம்:

```
pdftotext resume.pdf -
pdftotext -layout resume.pdf -
pdftotext -raw resume.pdf -
```

முதலாவது நெடுவரிசைகளைக் கண்டுபிடித்துப் படிக்க முயலும். இரண்டாவது பக்கத்தில் இருக்கும் தோற்றத்தையே வரி வரியாகக் காட்டும். மூன்றாவது கோப்புக்குள் எழுதிய வரிசையைப் பின்பற்றும். ரெஸ்யூமே ஒற்றை நெடுவரிசையில் இருந்தால் மூன்று விடைகளும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். மூன்றும் மூன்று விதமாக வந்தால், அந்த ரெஸ்யூமே நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு விதமாகப் படிக்கப்படும் என்று பொருள்.

திருத்துவது எளிது. நம் மாதிரிப் பொறியாளர் இரண்டு நெடுவரிசைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் போதும்:

```
EXPERIENCE
Software Engineer, Company A, Chennai
Jun 2021 - Mar 2024
Built payroll module for 40 hospitals

EDUCATION
B.E. CSE, Govt. Engineering College, Salem, 2019

SKILLS
Java, Spring Boot, MySQL
```

ஒரு சொல்லும் மாறவில்லை. கல்லூரிப் பெயர் மட்டும் சேர்ந்திருக்கிறது. இதை எந்த வழியில் உருவினாலும் இதே வரிசைதான் வரும், ஏனென்றால் ஒரு உயரத்தில் ஒரே செய்திதான் இருக்கிறது. தலைப்பைத் தடித்த எழுத்தில் போடலாம், கோடு இழுக்கலாம், நிறம் கொடுக்கலாம். இவை எதுவும் உரையின் வரிசையைத் தொடுவதில்லை. தேதியை வலது ஓரத்துக்குத் தள்ள விரும்பினால் அட்டவணைக்குப் பதில் டேப் பயன்படுத்தலாம். வேர்டில் டேப் அதே பத்திக்குள் இருப்பதால், பதவியும் தேதியும் பிரிவதில்லை. பெயரையும் கைபேசி எண்ணையும் ஹெட்டரிலிருந்து எடுத்துப் பக்கத்தின் முதல் வரிகளாக வைக்க வேண்டும்.

வண்ணமும் படமும் நிறைந்த இன்னொரு வடிவத்தை வைத்துக்கொள்வதில் தவறில்லை. கிராஃபிக் டிசைனர் போன்றவர்களுக்கு வடிவமைப்பே வேலைச் சான்று. அதை நேர்முகத் தேர்வுக்கு எடுத்துச் செல்லலாம், நேரடியாக மின்னஞ்சலில் அனுப்பலாம். தளத்தில் பதிவேற்றும் கோப்பு மட்டும் எளியதாக இருக்க வேண்டும்.

இதில் தனி மாணவரைவிட அதிகம் செய்யக்கூடியவர்கள் கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவினர். பல கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர் எல்லோருக்கும் ஒரே ரெஸ்யூமே மாதிரிதான் தரப்படுகிறது; படிப்பு அட்டவணையும் வலது மூலையில் புகைப்படமும் ஹெட்டரில் கல்லூரிச் சின்னமும் அதிலேயே வந்துவிடுகின்றன. அந்த ஒரு கோப்பைத் திறந்து, அட்டவணையைக் கலைத்து, பட்டத்துக்கு ஒரு வரி, பள்ளிக்கு ஒரு வரி என்று எழுதிவைக்க அரை மணி நேரம் ஆகும். அடுத்த ஜூலையில் வேலை தேடத் தொடங்கும் மொத்த வகுப்பின் ரெஸ்யூமேக்களிலும் கல்லூரியின் பெயர் முழுதாகப் பதிவாகும்.